இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போனவருக்கு 560 மணி நேரமா? நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட் கணக்கு

டர்பன்_மீனா

வணக்கம். டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். இரவு ஷிப்ட் 22:00 முதல் 06:00 வரை. சாப்பாட்டு இடைவேளைக்கும் எங்கள் இடத்தில் சம்பளம் உண்டு, அதனால் எதையும் கழிக்க வேண்டாம், முழு எட்டு மணி நேரம்.

எக்செலில் A பத்தியில் வந்த நேரம், B பத்தியில் போன நேரம். C-யில் `=B2-A2` என்று போட்டால் பகல் ஷிப்டுக்குச் சரி, இரவு ஷிப்டுக்கு வெறும் `########`. பத்தியை எவ்வளவு அகலமாக்கினாலும் அப்படியேதான். பக்கத்து மேசையில் இருப்பவர், "நாள் மாறுகிறது, 24 கூட்டிக்கொள்" என்றார். `=B2-A2+24` போட்டதும் 8:00 என்று வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஐந்து இரவுகளைக் கூட்டினேன், 16:00 என்றது. இணையத்தில் தேடி, `[h]:mm` என்று வடிவத்தை மாற்றினால் முழுக் கூட்டுத்தொகை தெரியும் என்று படித்து மாற்றினேன். 2800:00 என்றது! மணிக்கு 50 ரேண்ட் என்று பெருக்கினால் 5833.33 ரேண்ட் வருகிறது. வரவேண்டியது 40 மணி, 2000 ரேண்ட். ஒவ்வொரு வரியும் 8:00 என்றுதான் காட்டுகிறது. எங்கே தப்பு? வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும்.

---

இரவுக்காவல்

தங்கச்சி, இது ரொம்பச் சுலபம். நான் ஜோகன்னஸ்பர்க்கில் காவலர்களுக்கு மேற்பார்வையாளர். மூணு வருஷமா என் ஷீட்ல `=ABS(B2-A2)` தான். கழித்தல் குறி போயிடும், ##### வராது. எங்க ஆளுங்க 18:00-க்கு ஏறி 06:00-க்கு இறங்குவாங்க, 12:00 டாண்ணு காட்டும். ஒரு தடவைகூட தகராறு வந்ததில்லை.

---

டர்பன்_மீனா

அண்ணே, போட்டுப் பார்த்தேன். எனக்கு 16:00 வருகிறது. 8 வரவேண்டும்.

---

இரவுக்காவல்

அப்படி வராதே. நேரத்தை சரியா அடிச்சியா?

---

செல்_வாத்தியார்

சரியாகத்தான் அடித்திருக்கிறார். இரண்டு பேர் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எக்செல் நேரத்தை மணியாக வைத்துக்கொள்வதில்லை, நாளின் பங்காக வைத்துக்கொள்கிறது. அதற்கு ஒரு முழு நாள் என்றால் 1. நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25, இரவு 10 மணி 0.9167. மீனா, உங்கள் செல்லை எண் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், இந்த எண்கள்தான் தெரியும். 0.25-இலிருந்து 0.9167-ஐக் கழித்தால் -0.6667. எதிர்மறை நேரத்தை எழுத எக்செலுக்குத் தெரியாது, அதனால் ##### போட்டுக் கை விரித்துவிடுகிறது. பத்தியின் அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் பக்கத்து மேசைக்காரர் சொன்ன 24, தாளில் எழுதிக் கணக்குப் போட்டால் சரி. எக்செலில் நீங்கள் கூட்டியது 24 மணி அல்ல, 24 நாள். -0.6667 + 24 = 23.3333 நாள், அதாவது 560 மணி நேரம். அது ஏன் 8:00 என்று தெரிந்தது? சாதாரண `h:mm` வடிவம் முழு நாட்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். 23 நாள் மறைந்து, 0.3333 நாள், அதாவது 8 மணி, திரையில் நிற்கிறது.

இதில் விஷமமான இடம் எது தெரியுமா? உங்கள் 16:00. சரியான கூட்டுத்தொகை 40 மணி என்றாலும் `h:mm` வடிவத்தில் அது 16:00 என்றுதான் தெரியும், 24 போக மிச்சம் 16. தப்பான 2800 மணியும் 16:00 என்றுதான் தெரியும், 116 முழு நாள் போக மிச்சம் 16. சரியும் தப்பும் ஒரே முகத்தோடு நின்றிருக்கின்றன. நீங்கள் `[h]:mm` போட்டதால்தான் பிடிபட்டது.

கூட்ட வேண்டியது 1. அதுவும் நாள் தாண்டினால் மட்டும். அதை ஒரே அடியில் செய்ய:

```
=MOD(B2-A2;1)
```

1-ஆல் வகுத்த மீதி. எக்செலில் MOD-இன் விடை வகுக்கும் எண்ணின் குறியையே எடுத்துக்கொள்ளும், ஆகவே -0.6667 போனால் 0.3333 வரும். பகல் ஷிப்டில் ஏற்கெனவே நேர் எண், அது மாறாமல் அப்படியே வரும். இரண்டுக்கும் ஒரே ஃபார்முலா போதும்.

நடுவில் கமா போடாமல் அரைப்புள்ளி போட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கணினிகளில் தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பு இருந்தால் தசமத்துக்குக் கமா, ஃபார்முலாவைப் பிரிக்க அரைப்புள்ளி. இணையத்தில் இருப்பதை அப்படியே ஒட்டினால் பிழை காட்டும். உங்கள் கணினி கமா கேட்டால் கமா போடுங்கள்.

சம்பளத்துக்குப் பெருக்கும்போது 24-ஐ மறக்காதீர்கள். 40 மணி என்பது எக்செலுக்கு 1.6667. அதை அப்படியே 50-ஆல் பெருக்கினால் 83.33 ரேண்ட் வரும், அந்த ஆள் உங்களைத் தேடி வருவார். கூட்டுத்தொகை × 24 × 50 = 2000.

இரவுக்காவல் தம்பிக்கு: ABS உங்களுக்கு மட்டும் சரியாக வந்ததற்குக் காரணம், 12 மணி என்பது 24-இல் சரிபாதி. நள்ளிரவைத் தாண்டும்போது ABS தருவது வேலை செய்த நேரம் அல்ல, 24-இலிருந்து அதைக் கழித்த மிச்சம். 12-க்கு மிச்சமும் 12. உங்கள் ஆள் ஒருவர் 18:10-க்கு வந்து 05:30-க்குப் போயிருந்தால் ஷீட் என்ன சொல்கிறது, பாருங்கள்.

---

இரவுக்காவல்

12:40 காட்டுது. உண்மையில 11:20 தானே... ஐயோ. லேட்டா வந்து சீக்கிரம் போனவனுக்கு அதிகமா போயிருக்கு.

---

செல்_வாத்தியார்

மறுபக்கமும் இருக்கிறது. மாற்றாள் வராமல் காலை 7 மணி வரை நின்றவருக்கு 13 மணிக்குப் பதில் 11.

---

போர்ட் லூயி வாசி

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். இந்த நேரக் குழப்பத்தில் நாங்களும் அடிபட்டிருக்கிறோம். 2008 அக்டோபரில் அரசு கோடைநேரம் கொண்டுவந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது, 2009 மார்ச்சில் பழையபடி பின்னே இழுத்தது. நான் அப்போது ஒரு ஓட்டலில் இரவு வரவேற்பு மேசையில் இருந்தேன். மாற்றிய இரவில் 22:00 முதல் 06:00 வரை நின்றவனுக்கு உண்மையில் 7 மணிதான். திரும்ப மாற்றிய இரவில் 9. இரண்டுக்கும் 8 என்று எழுதி, "சரிக்குச் சரி" என்றார்கள். முதல் இரவில் நின்றவன் வேறு, இரண்டாம் இரவில் நின்றவன் வேறு! இரண்டாமவன் நான். மீனா அம்மா, உங்கள் கடிகாரத்தையும் யாராவது மாற்றினார்களா என்று பாருங்கள்.

---

செல்_வாத்தியார்

அய்யா, உங்கள் கணக்கு நியாயமானது, ஆனால் இங்கே அது இல்லை. தென்னாப்பிரிக்காவில் இப்போது கோடைநேரம் கிடையாது, ஆண்டு முழுக்க ஒரே நேரம். மீனாவின் சிக்கல் நள்ளிரவு மட்டும்தான். கடிகாரம் மாறும் ஊராக இருந்தால் MOD-ம் ஏமாறும், அது சுவரில் உள்ள நேரத்தை மட்டுமே பார்க்கிறது.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா

நான் சர்க்கரை ஆலையில் டைம்கீப்பராக இருந்தவன். எங்களுக்கு எக்செலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அட்டையை மெஷினில் குத்துவார்கள், நான் பென்சிலால் கணக்குப் போடுவேன். போன நேரம் சின்னதாக இருந்தால் அதை 24 கூட்டி எழுதிக்கொள்வேன். 6 மணி என்பது 30 மணி. 30-இல் 22 போனால் 8. அந்த மேசைக்காரர் இந்தப் பழைய முறையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம், அவரைத் திட்டாதே அம்மா.

ஆனால் ஒன்று. அட்டையில் தேதி இருக்கும். நீங்கள் தேதியே இல்லாமல் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு மெஷினை யூகிக்கச் சொல்கிறீர்கள்.

---

டர்பன்_மீனா

எல்லோருக்கும் நன்றி. MOD வேலை செய்கிறது, 40:00 வந்துவிட்டது. தாத்தா சொன்னது ஒரு மணி நேரத்திலேயே பலித்துவிட்டது. ஒரு வரியில் 16:00 என்று இருக்கிறது. லோட்ஷெட்டிங் வந்து கைரேகை மெஷின் நின்றிருந்த நாள், செக்யூரிட்டி நோட்டிலிருந்து நான் கையால் ஏற்றினேன். மதிய ஷிப்ட் 14:00 முதல் 22:00 வரை. அவசரத்தில் A-யில் 22:00, B-யில் 14:00 என்று மாற்றி அடித்திருக்கிறேன். முதலில் போட்ட வெறும் கழித்தலாக இருந்தால் ##### வந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது வாயை மூடிக்கொண்டு 16 என்கிறது.

---

செல்_வாத்தியார்

நல்ல கண். MOD-இன் குறை அதுதான். எதிர்மறை எண் அசிங்கமாக இருந்தாலும் வாசலில் நின்ற காவல்காரன், MOD அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. "போன நேரம் சின்னது, ஆகவே நாள் தாண்டிவிட்டது" என்று அது எப்போதுமே நம்பும். தப்பாக அடித்தாலும் நம்பும்.

அதனால் காவலை நீங்களே வையுங்கள். உங்கள் இடத்தில் ஓவர்டைமோடு சேர்த்து ஒருவர் அதிகபட்சம் எத்தனை மணி நிற்பார்? 12 என்றால் `=C2*24>12` என்ற விதியில் நிபந்தனை வடிவமைப்பு போட்டு அந்தச் செல் சிவப்பாகும்படி செய்யுங்கள். 22:00, 14:00 தப்பு உடனே தெரியும். 07:00-க்குப் பதில் 06:00 என்று அடித்த தப்பு இதில் தெரியாது, அதற்கு நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தாத்தா சொன்னதுதான் கெட்டியான வழி. A-யிலும் B-யிலும் தேதியோடு நேரத்தை வையுங்கள். அப்போது வெறும் `=B2-A2` போதும், நள்ளிரவு ஒரு பிரச்சினையே இல்லை, மாற்றி அடித்தால் ##### திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். கைரேகை மெஷினிலிருந்து இறக்கும் கோப்பில் தேதி அநேகமாக இருக்கும். நாம்தான் அதை வெட்டி எறிகிறோம். தேதியும் வைத்து MOD-ம் போடாதீர்கள், அது முழு நாட்களை வெட்டிவிடும்.

---

லெனேசியா அக்கா

நேரக் கணக்கு முடிந்தது, இனி நாள் கணக்கு. மீனா, சனிக்கிழமை இரவு ஷிப்டை எந்த நாளில் எழுதுகிறாய்?

---

டர்பன்_மீனா

ஆரம்பித்த நாளில்தான் அக்கா. சனி 22:00-க்கு வந்தால் சனி. ஞாயிறு 22:00-க்கு வந்தால் ஞாயிறு, அதற்கு ஞாயிறு ரேட். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்திருக்கிறார்.

---

லெனேசியா அக்கா

நினைத்தேன். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படி. ஷிப்டின் ஒரு பகுதி ஞாயிறிலும் மறுபகுதி வேறு நாளிலும் விழுந்தால், முழு ஷிப்டும் ஞாயிறாகவே கருதப்படும். பெரிய பகுதி மற்ற நாளில் விழுந்தால் மட்டும் முழுதும் அந்த மற்ற நாளுக்குப் போகும். ஆரம்பித்த நாள் என்ற பேச்சே அதில் இல்லை.

உன் ஷிப்டுக்குப் போட்டுப் பார். சனி 22:00 முதல் ஞாயிறு 06:00 வரை: சனியில் 2 மணி, ஞாயிறில் 6. முழு எட்டு மணியும் ஞாயிறு. ஞாயிறு 22:00 முதல் திங்கள் 06:00 வரை: ஞாயிறில் 2, திங்களில் 6. முழுதும் திங்கள். நீங்கள் நேர் தலைகீழாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பொது விடுமுறைக்கும் 18-ஆம் பிரிவில் இதே விதி. 2025-இல் டிசம்பர் 16, நல்லிணக்க நாள், செவ்வாய்க்கிழமை. திங்கள் 15-ஆம் தேதி இரவு 10 மணிக்கு வந்தவர்தான் விடுமுறையில் வேலை செய்தவர். 16-ஆம் தேதி இரவு 10 மணிக்கு வந்தவர் இல்லை. ஆட்கள் சுழற்சியில் மாறுவதால் மொத்தச் செலவு ஒன்றாகவே தெரிந்திருக்கும், அதனால் மேலே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பணம் போன கைதான் வேறு.

---

டர்பன்_மீனா

அக்கா, வயிற்றில் புளி கரைக்கிறது. நள்ளிரவுக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று எக்செல் பிரித்துக் கொடுக்குமா?

---

செல்_வாத்தியார்

கொடுக்கும். தேதி இல்லாமல் நேரம் மட்டும் இருக்கும் ஷீட்டுக்கு, D-யில் முன்பகுதி, E-யில் பின்பகுதி:

```
D2:  =IF(B2<A2;1-A2;B2-A2)
E2:  =IF(B2<A2;B2;0)
```

22:00, 06:00 என்றால் D-யில் 2:00, E-யில் 6:00. சரியாக நள்ளிரவில் முடியும் ஷிப்டுக்கு B-யில் 00:00 என்று இருக்கும், அது 0, ஆகவே முன்பகுதியே முழுதாக வரும், பின்பகுதி 0. அதுவும் சரி. D, E இரண்டையும் கூட்டினால் C வர வேண்டும், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து வந்த நேரம் எழுத்து வடிவத்தில் இருந்தால் இந்த `<` ஒப்பீடு ஏமாந்துவிடும். செல்லில் இடப்பக்கமாக ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

---

இரவுக்காவல்

அக்கா, எங்க ஷிப்ட் 18:00 - 06:00. ஆறும் ஆறும் சரிபாதி. அப்போ எந்த நாள்?

---

லெனேசியா அக்கா

வாசகத்தை அப்படியே பிடித்தால், பெரிய பகுதி மற்ற நாளில் இருந்தால்தான் ஞாயிறு விலகும். சரிபாதியில் பெரிய பகுதி என்று ஒன்று இல்லை. ஆகவே சனி இரவும் ஞாயிறு, ஞாயிறு இரவும் ஞாயிறு. ஆனால் தம்பி, தனியார் பாதுகாப்புத் துறைக்கு ஊதியத்துக்கென்று தனி ஒப்பந்தம் இருக்கிறது, முதலில் அதைப் பார். நான் தொழிற்சாலைக்காரி.

---

இரவுக்காவல்

சனி 18:00-க்கு வர வேண்டியவன் 18:10-க்கு வந்தா?

---

லெனேசியா அக்கா

சனியில் 5:50, ஞாயிறில் 6. அப்போதும் ஞாயிறுதான். 17:50-க்கே வந்து மெஷினில் கை வைத்தால்தான் வம்பு. சனியில் 6:10 ஆகிவிடும், பத்து நிமிஷம் சீக்கிரம் வந்த குற்றத்துக்கு ஞாயிறு ரேட் கைவிட்டுப் போகும். நாங்கள் அட்டவணையில் போட்ட நேரத்தைத்தான் எடுக்கிறோம், மெஷின் நேரத்தை எடுப்பதில்லை.

---

செல்_வாத்தியார்

அதில் எனக்குத் தயக்கம் உண்டு. சட்டம் வேலை செய்த ஷிப்டைப் பற்றித்தானே பேசுகிறது? சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல். சனி 19:30 முதல் ஞாயிறு 05:00 வரை என்றால் 4:30-க்கு எதிராக 5:00, ஞாயிறு. இடைவேளை ஒரு மணி, 00:30 முதல் 01:30 வரை. அதைக் கழித்தால் 4:30-க்கு எதிராக 4:00, சனி. கழிப்பதா, வேண்டாமா?

---

லெனேசியா அக்கா

நாங்கள் கழிப்பதில்லை. ஷிப்ட் என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் தணிக்கையாளர் கழிக்க வேண்டும் என்கிறார். இரண்டு வருஷமாக இந்தச் சண்டை ஓடுகிறது.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா

எங்கள் காலத்தில் இடைவேளை மணி எப்போது அடிக்கும் என்பதே ஃபோர்மேன் மனசைப் பொறுத்தது. சனிக்கிழமை மட்டும் நள்ளிரவு தாண்டித்தான் அடிப்பான். இப்போதுதான் ஏன் என்று சந்தேகம் வருகிறது!

---

டர்பன்_மீனா

பட்டியல் கொடுத்துவிட்டேன். தேதியோடு நேரம், வெறும் கழித்தல், தேதிக்கு ஏற்ற மாதிரி மாற்றிய D, E பத்திகள், 12-க்கு மேல் போனால் சிவப்பு. ஞாயிறு விஷயத்தை மேலாளரிடம் சொன்னேன். "முன்னால் இருந்தவர் செய்தது" என்று ஆரம்பித்தார், பிறகு 16-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை கூட்டம்.

---

இரவுக்காவல்

நானும் MOD மாத்திட்டேன். பழைய மாசங்களை எடுத்துப் பார்த்தா 12:40 எல்லாம் 11:20 ஆகுது, 11:00 எல்லாம் 13:00 ஆகுது. ஒரு வரி மட்டும் 0:00 காட்டுது வாத்தியாரே. 06:00 வந்த நேரம், 06:00 போன நேரம். ABS-லயும் அது 0:00 தான்.

---

செல்_வாத்தியார்

வந்து உடனே போனாரா, முழு 24 மணி நின்றாரா? MOD-க்கு இரண்டும் ஒன்றுதான், தேதி இல்லாமல் பிரித்துச் சொல்லவே முடியாது. தேதி வைத்தால் 1 என்று வரும், `[h]:mm` வடிவத்தில் 24:00.

---

இரவுக்காவல்

நின்னான். எனக்கு ஞாபகம் இருக்கு. டாக்ஸி ஸ்ட்ரைக், மாத்த ஆள் வர முடியல. ரெண்டு ஷிப்ட்டையும் அவனே பார்த்தான்.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா

அந்தப் பையனுக்குச் சம்பளம் போனதா தம்பி?

---

இரவுக்காவல்

அந்த வாரக் கூட்டுத்தொகையை இப்பத்தான் பார்த்தேன். நாலு ஷிப்ட், 48:00. அந்த நாள் அதுல இல்லை, தாத்தா. அவன் இப்போ வேற சைட்ல இருக்கான், நம்பர் தேடிக்கிட்டு இருக்கேன்.